மஞ்சள் டிரிப்பும் 22 மதிப்பெண்ணும்: குடி நிறுத்த வித்டிராயலுக்கான வார்டு நெறிமுறை, ஒரு நிகழ்வோடு

இதில் வரும் நோயாளி தனி ஒரு ஆள் இல்லை. எலும்பு முறிவு வார்டிலும் பொது மருத்துவ வார்டிலும் அடிக்கடி காணும் போக்குகளைச் சேர்த்து அமைத்த மாதிரி நிகழ்வு இது. நேரமும் அளவும் வார்டில் உண்மையாக நடக்கும் விதத்திலேயே உள்ளன. நெறிமுறையைத் தனியாக எழுதினால் சுவரில் தொங்கும் தாளாகிவிடும் என்பதால், அதன் ஒவ்வொரு விதியையும் அது தேவைப்பட்ட மணி நேரத்தோடு சேர்த்தே சொல்கிறோம்.

சேர்க்கை: ஞாயிறு காலை 10 மணி

வயது 46, சுமை தூக்கும் தொழிலாளி. படியில் வழுக்கி விழுந்ததில் வலது முழங்காலுக்குக் கீழே முறிவு. மாவுக்கட்டுப் போட்டு, அறுவைக்குக் காத்திருக்க வார்டுக்கு அனுப்பினார்கள். நாடித் துடிப்பு 104, இரத்த அழுத்தம் 150/96, கையில் இலேசான நடுக்கம். மூன்றுக்கும் வலிதான் காரணம் என்று எழுதப்பட்டது. கேஸ் ஷீட்டில் "குடிப்பழக்கம்: எப்போதாவது" என்று இருந்தது.

இந்த "எப்போதாவது" என்ற சொல்லில்தான் பாதிக் கேஸ்கள் கோட்டை விடப்படுகின்றன. "குடிப்பீங்களா?" என்று கேட்டால் வரும் பதில் அதுதான். கேட்க வேண்டிய கேள்விகள் வேறு: "அண்ணே, ஒரு நாளைக்கு எத்தனை குவார்ட்டர் ஆகும்? கடைசியா எப்போ குடிச்சீங்க, எத்தனை மணிக்கு? காலையில எழுந்ததும் குடிக்காட்டி கை நடுங்குமா? முன்னே நிறுத்தினப்போ ஃபிட்ஸ் வந்திருக்கா, ஏதேதோ தெரிஞ்சு பயந்திருக்கீங்களா?" அளவை நோயாளியின் கணக்கிலேயே கேட்க வேண்டும். தமிழ்நாட்டில் 180 மி.லி. குவார்ட்டர் பாட்டிலில் 42.8 சதவீதம் சாராயம் என்றால், அதில் ஏறத்தாழ 60 கிராம் எத்தனால் இருக்கிறது. 90 மி.லி. கட்டிங் என்றால் அதில் பாதி. இந்த ஒரு கணக்குத் தெரிந்தால் "கொஞ்சமாத்தான் சார்" என்பதன் எடை விளங்கிவிடும்.

அன்று மாலை மனைவி வந்த பிறகுதான் உண்மை தெரிந்தது. "தினமும் ரெண்டு குவார்ட்டர் சிஸ்டர், பன்னெண்டு வருஷமா. போன வருஷம் மூணு நாள் நிறுத்தினாரு, ஃபிட்ஸ் வந்துருச்சு. ரெண்டு வாரமா சோறே சரியா இறங்கல." கடைசியாகக் குடித்தது சனி இரவு 9 மணி. தினமும் 120 கிராம், முன்பு வித்டிராயலில் வலிப்பு, இரண்டு வாரமாக உணவில்லை. மூன்றும் சேர்ந்தால் அவர் உயர் ஆபத்துப் பிரிவு. மனைவி சொன்னது செவிலியர் குறிப்பில் ஏறியது, மருத்துவரின் உத்தரவுப் பக்கத்துக்குப் போகவில்லை.

கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்தில் "கடைசிக் குடி: நாள், மணி" என்று ஒரு கட்டம் வேண்டும். இந்த நோயின் கடிகாரம் அங்கிருந்துதான் ஓடுகிறது. 6 முதல் 12 மணி நேரத்துக்குள் நடுக்கம், வியர்வை, குமட்டல், தூக்கமின்மை தொடங்கும். வலிப்பு பெரும்பாலும் 6 முதல் 48 மணிக்குள் வரும். டெலிரியம் டிரெமென்ஸ் என்ற முழுக் குழப்ப நிலை பெரும்பாலும் 48 முதல் 96 மணிக்குள். இரத்தத்தில் சாராயம் முழுக்க இறங்கும்வரை வித்டிராயல் காத்திருப்பதில்லை. நாள்பட்ட குடிகாரருக்கு அளவு குறையத் தொடங்கியதுமே அறிகுறி வரலாம். அதனால் "இன்னும் வாயில் வாடை அடிக்குதே" என்பது தள்ளிப்போடக் காரணம் ஆகாது.

24-ஆம் மணி: தவறான ஊசி

ஞாயிறு இரவு 9 மணிக்கு அவர் வியர்த்து ஊற்றினார், படுக்கையில் புரண்டார், நாடி 118. "வலி தாங்கல" என்ற கணக்கில் டிராமடால் 100 மி.கி. டிரிப்பில் போனது. டிராமடால் வலிப்பு வரும் வாசலைத் தாழ்த்தும் மருந்து. வித்டிராயலில் இருப்பவருக்குக் கொடுக்கக் கூடாத வலிநிவாரணிகளில் அதுதான் முதலாவது. பாராசிட்டமாலும், தேவைப்பட்டால் எச்சரிக்கையாகக் குறைந்த அளவு மார்ஃபினும் இருக்கும்போது அதைத் தொட வேண்டியதில்லை. மார்ஃபின் கொடுத்தால் அதே நேரத்தில் வித்டிராயலுக்கான பென்சோடயசிபைன் மருந்தும் போகிறது என்பதை நினைவில் வைத்து மூச்சைக் கண்காணிக்க வேண்டும்.

திங்கள் அதிகாலை 3.10. குடி நின்று 30 மணி நேரம். உடல் முழுதும் வெட்டி இழுத்து 2 நிமிடம் வலிப்பு.

முதல் வேலை: ஒருக்களித்துப் படுக்க வைத்து, ஆக்சிஜன் போட்டு, விரல் நுனியில் சர்க்கரை பார்ப்பது. 84 இருந்தது. வலிப்பு தானே நின்றுவிட்டாலும் லோராசெபாம் 2 மி.கி. ஐ.வி. கொடுக்க வேண்டும், கொடுக்கப்பட்டது. அது நின்ற வலிப்புக்கு இல்லை, அடுத்து வரவிருப்பதற்கு. முதல் வலிப்புக்குப் பின் லோராசெபாம் 2 மி.கி. பெற்றவர்களில் 3 சதவீதத்தினருக்கும், பெறாதவர்களில் 24 சதவீதத்தினருக்கும் அடுத்த 6 மணி நேரத்தில் வலிப்பு திரும்பியது என்று 1999-இல் வெளியான ஆய்வு காட்டியது. பழக்கத்தில் பல வார்டுகளில் ஃபெனிடாயின் ஏற்றத் தொடங்குவார்கள். வித்டிராயல் வலிப்பு திரும்புவதை அது தடுக்காது. இவருக்கு முன்பே கால்-கை வலிப்பு நோய் இல்லை, ஆகவே அது தேவையில்லை.

வழுக்கி விழுந்தவர் என்பதால் தலை சி.டி. எடுக்கப்பட்டது. கசிவு இல்லை. விழுந்தவர், ஒரு பக்கம் மட்டும் இழுத்தவர், வலிப்பு முடிந்தும் நினைவு திரும்பாதவர், காய்ச்சல் உள்ளவர், 48 மணிக்குப் பிறகு முதல் வலிப்பு வந்தவர் ஆகியோருக்கு வித்டிராயல் என்று முத்திரை குத்துமுன் சி.டி. எடுக்க வேண்டும்.

மதிப்பெண்: எப்படிக் கேட்பது

வித்டிராயலின் கடுமையை அளக்கும் சீவா அளவுகோல் 10 அம்சங்கள் கொண்டது. குமட்டல், நடுக்கம், வியர்வை, பதற்றம், நிலைகொள்ளாமை, தோலில் தோன்றும் உணர்வு, காதில் கேட்பது, கண்ணில் தெரிவது, தலைவலி ஆகிய ஒன்பதுக்கும் 0 முதல் 7 வரை. நினைவுத் தெளிவுக்கு மட்டும் 0 முதல் 4. மொத்தம் 67. நாடியும் இரத்த அழுத்தமும் இந்தக் கூட்டலில் சேராது. அவற்றை அதே தாளில் பக்கத்தில் எழுத வேண்டும், கூட்டக் கூடாது.

இரண்டு செவிலியர் போட்டால் இரண்டு மதிப்பெண் வருவதற்குக் காரணம் பெரும்பாலும் கேட்கும் விதம்தான். நடுக்கத்தை மடியில் கிடக்கும் கையில் பார்க்கக் கூடாது. "கையை முன்னாடி நீட்டுங்க அண்ணே, விரலை விரிங்க" என்று சொல்லிப் பார்க்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாமல் விரல் நுனியைத் தொட்டால் மட்டும் உணர முடிந்தால் 1. நீட்டிய கையில் ஓரளவு தெளிவாகத் தெரிந்தால் 4. நீட்டாமலே கடுமையாக ஆடினால் 7. வியர்வையில் உள்ளங்கை ஈரம் 1, நெற்றியில் முத்து முத்தாக நின்றால் 4, சட்டை நனைந்தால் 7.

மாயத்தோற்றக் கேள்விகளைக் கேட்கத் தயங்கிப் பலர் 0 போட்டுவிடுகிறார்கள். "உங்களுக்குப் பைத்தியமா?" என்ற தொனி வராமல் கேட்க வழி உண்டு: "உடம்புல எறும்பு ஊர்ற மாதிரி, ஊசி குத்துற மாதிரி இருக்கா? சின்னச் சத்தம் கேட்டாலும் தூக்கிவாரிப் போடுதா? லைட்டு கண்ணைக் கூசுதா? இல்லாதது ஏதாவது தெரியுதா?" நினைவுத் தெளிவுக்குத் தேதி கேட்பது மட்டும் போதாது. ஒரே எண்ணைக் கூட்டிக்கொண்டே போகச் சொல்ல வேண்டும். படிப்பில்லாதவரிடம் காசுக் கணக்காகக் கேட்கலாம்: "அஞ்சு ரூபா, இன்னும் அஞ்சு சேர்த்தா? இன்னும் அஞ்சு?" தேதி சரியாகத் தெரியாமலோ கூட்ட முடியாமலோ இருந்தால் 1. இரண்டு நாளுக்குள் தேதி பிசகினால் 2, அதற்கு மேல் பிசகினால் 3. இடமோ ஆளோ தெரியாவிட்டால் 4.

நம் நோயாளிக்கு அதிகாலை 4.30-க்குக் கிடைத்தவை: குமட்டல் 2, நடுக்கம் 5, வியர்வை 4, பதற்றம் 4, நிலைகொள்ளாமை 3, தோல் உணர்வு 1, காது 0, கண் 1, தலைவலி 1, தெளிவு 1. மொத்தம் 22. லோராசெபாம் போட்டு ஒரு மணி நேரத்துக்கும் மேலான பிறகும் இவ்வளவு.

இந்த எண் வித்டிராயலைக் கண்டுபிடிக்காது, அளக்க மட்டுமே செய்யும். தலைக்குள் இரத்தக் கசிவு, சர்க்கரை இறக்கம், மூளைக்காய்ச்சல், வெறும் முறிவு வலிகூட இதே தாளில் 15-ஐத் தாண்ட வைக்கும். ஈரல் செயலிழந்து குழம்பியவருக்கு இந்த எண்ணை நம்பி டயசெபாம் கொடுத்தால் அவர் எழாமலே போகலாம். வித்டிராயல் நோயாளி விழிப்பாகவும் வேகமாகவும் இருப்பார், கை நுண்ணியதாக நடுங்கும். ஈரல் குழப்பத்தில் மந்தமாக இருப்பார், நீட்டிய மணிக்கட்டு சிறகடிப்பதுபோல் தொங்கித் தொங்கி எழும். இரண்டும் சேர்ந்தும் வரலாம், அப்போது மருந்தின் அளவைப் பாதியாக்க வேண்டும். கண் மங்குது, வயிறு வலிக்குது என்று சொல்லி ஆழமாக வேகமாக மூச்சு விடுபவர் கள்ளச்சாராயம் குடித்தவராக இருந்தால், சீவா தாளை ஓரம் வைத்துவிட்டு மெத்தனால் என்று நினைக்க வேண்டும். 2023 மே மாதம் விழுப்புரம், செங்கல்பட்டிலும் 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியிலும் நடந்தது அதுதான்.

மறுபக்கமும் உண்டு. பீட்டா தடுப்பு மாத்திரை சாப்பிடுபவருக்கு நாடி ஏறாது, நடுக்கமும் குறைந்து தெரியும். அவர்களிடம் தாழ்ந்த எண்ணை நம்பி இருக்கக் கூடாது.

எண்ணிலிருந்து மருந்துக்கு

எந்தப் பென்சோடயசிபைன் என்பதை ஈரல் தீர்மானிக்கிறது. டயசெபாமும் குளோர்டயசிபாக்சைடும் ஈரலில் உருமாறி, நாள் கணக்கில் வேலை செய்யும் துணைப்பொருள்களைத் தருகின்றன. சாதாரண ஈரல் உள்ளவருக்கு இது நன்மை: மருந்து தானாக மெல்ல இறங்கும், அறிகுறி திரும்ப எகிறாது. ஈரல் சுருக்க நோயிலும், 65 வயதுக்கு மேலும், நுரையீரல் நோயிலும் இதே குணம் ஆபத்து. மருந்து சேர்ந்து சேர்ந்து மூன்றாம் நாள் நோயாளியை மயங்க வைக்கும். அவர்களுக்கு இந்த உருமாற்றம் தேவைப்படாத லோராசெபாம். ஏறத்தாழ டயசெபாம் 10 மி.கி., குளோர்டயசிபாக்சைடு 25 மி.கி., லோராசெபாம் 1 முதல் 2 மி.கி. ஆகியவை சமம்.

நம் நோயாளிக்கு ஏஎஸ்டி 112, ஏஎல்டி 48, பிலிருபின் 1.1, ஐ.என்.ஆர். 1.1, அல்புமின் 3.6. நொதிகள் குடியால் ஏறியிருக்கின்றன, ஆனால் ஈரலின் உற்பத்தி வேலை சரியாக இருக்கிறது. எனவே டயசெபாம்.

வார்டு விதி இது. மதிப்பெண் 8-க்குக் கீழே என்றால் மருந்தில்லை, 4 மணி நேரம் கழித்து மறுபடி. 8 முதல் 14 வரை டயசெபாம் 10 மி.கி. வாய்வழி, ஒரு மணி நேரத்தில் மறுமதிப்பீடு. 15-உம் அதற்கு மேலும் என்றால் 20 மி.கி., ஒரு மணி நேரத்தில் மறுமதிப்பீடு. 20-ஐத் தொட்டாலோ, 60 மி.கி. போன பிறகும் 15-க்குக் கீழே வராவிட்டாலோ டியூட்டி டாக்டர் படுக்கைக்கு வர வேண்டும். போனில் உத்தரவு போதாது. ஒவ்வொரு டோசுக்கு முன்பும் நான்கைப் பார்க்க வேண்டும்: விழித்திருக்கிறாரா, மூச்சு நிமிடத்துக்கு 12-க்குக் குறையாமல் உள்ளதா, ஆக்சிஜன் 94-க்குக் குறையாமல் உள்ளதா, பேச்சு குழறுகிறதா. பேச்சு குழறத் தொடங்கினால் எண் என்னவாக இருந்தாலும் அந்த டோஸ் நிற்கும்.

வலிப்புக்குப் பின் மயக்கம் தெளிந்து, ஒரு வாய் தண்ணீர் புரையேறாமல் விழுங்கிய பிறகு மாத்திரை தொடங்கியது. 4.30-க்கு 22, டாக்டர் படுக்கையருகில் நிற்க 20 மி.கி. 5.30-க்கு 19, மறுபடி 20. 6.30-க்கு 14, எனவே 10. 7.30-க்கு 9, எனவே 10. 8.30-க்கு 6, மருந்தில்லை. நான்கு மணி நேரத்தில் 60 மி.கி.

நாடித் துடிப்பு ஏறும் ஒவ்வொருவருக்கும் குளோர்டயசிபாக்சைடை "லிப்ரியம் 25, மூன்று வேளை, ஐந்து நாள்" என்று எழுதும் பழக்கத்தோடு இதை ஒப்பிட வேண்டும். 1994-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் 101 பேரைப் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். அட்டவணைப்படி மருந்து பெற்றவர்களுக்குச் சிகிச்சை இடைநிலைக் கணக்கில் 68 மணி நேரம் நீண்டது, 425 மி.கி. குளோர்டயசிபாக்சைடு செலவானது. மதிப்பெண் பார்த்துப் பெற்றவர்களுக்கு 9 மணி நேரம், 100 மி.கி. இதை மேற்கோள் காட்டுபவர்கள் ஒன்றை விட்டுவிடுகிறார்கள்: அந்த ஆய்வில் முன்பு வலிப்பு வந்தவர்களைச் சேர்க்கவில்லை, வேறு தீவிர உடல்நோய் இருந்தவர்களையும் சேர்க்கவில்லை. நம் நோயாளிக்கு இரண்டும் உண்டு. இத்தகையவருக்கு மதிப்பெண் 8-ஐத் தொடும்வரை காத்திருக்கக் கூடாது. சேர்த்த உடனேயே டயசெபாம் 20 மி.கி. கொடுத்து, அதன் பிறகு மதிப்பெண் வழி போக வேண்டும். ஞாயிறு மாலை மனைவி பேசியபோதே அந்த 20 மி.கி. போயிருந்தால் 3.10-க்கு வலிப்பு வராமல் போயிருக்க வாய்ப்பு அதிகம்.

இன்னொரு உண்மையும் சொல்ல வேண்டும். ஒரு செவிலியர் 40 படுக்கை பார்க்கும் இரவில் மணிக்கொரு மதிப்பெண் நடக்காது. எடுக்காத மதிப்பெண்ணை வைத்து நடக்கும் சிகிச்சை சிகிச்சையே இல்லை. அப்படிப்பட்ட வார்டில், பகலில் ஆள் இருக்கும்போதே மணிக்கு 20 மி.கி. வீதம் எண் 8-க்குக் கீழே வரும்வரை ஏற்றி முடித்துவிடுவது நல்லது. டயசெபாம் அதன் பின் தன்னைத்தானே இறக்கிக்கொள்ளும். அதுவும் முடியாவிட்டால் 6 மணிக்கொரு நிலையான டோஸும், இடையில் தேவைக்கு ஒரு டோஸும். ஆள் பலத்துக்கு மிஞ்சிய நெறிமுறையைவிட அது பாதுகாப்பானது.

மஞ்சள் டிரிப்

வலிப்பு நின்றதும் ஒரு குளுக்கோஸ் பாட்டிலில் பி-காம்ப்ளெக்ஸ் ஆம்பூல் ஒன்று போட்டு ஏற்றினார்கள். பாட்டில் பளிச்சென்று மஞ்சளானது. "தயமின் கொடுத்தாச்சு" என்று குறிப்பிலும் எழுதப்பட்டது.

மஞ்சள் நிறம் ரைபோஃப்ளேவினுடையது. தயமின் என்ற பி1 வைட்டமினுக்குச் சொல்லும்படியான நிறமில்லை. பி-காம்ப்ளெக்ஸ் ஆம்பூல்களில் தயமினின் அளவு தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும், பலவற்றில் சில பத்து மி.கி.தான். லேபிளைப் படிக்காமல் அதைத் தயமின் என்று எழுதக் கூடாது. வேண்டியது தனித் தயமின்: மி.லி.க்கு 100 மி.கி. உள்ள 2 மி.லி. ஆம்பூல் என்றால் ஒன்றில் 200 மி.கி.

மாத்திரையாகக் கொடுத்தால் போதாதா என்று கேட்பார்கள். குடல் தயமினை உள்ளே இழுக்கும் வழிக்கு ஓர் உச்சவரம்பு உண்டு, குடியும் பட்டினியும் அதை இன்னும் சுருக்குகின்றன. 100 மி.கி. மாத்திரை விழுங்கினாலும் சில மி.கி. மட்டுமே இரத்தத்தை எட்டும். ஐ.வி.யாகக் கொடுத்ததோ சிறுநீரகம் வழியே விரைவில் வெளியேறும். அதனால்தான் ஒரே வேளையாகக் கொட்டாமல் 8 மணிக்கொரு முறை பிரித்துக் கொடுக்கிறோம்.

எல்லா வித்டிராயல் நோயாளிக்கும் மதிப்பெண் என்னவாக இருந்தாலும் 200 முதல் 300 மி.கி. தயமின் ஐ.வி. அல்லது ஐ.எம். தினமும், 3 முதல் 5 நாள். தயமின் குறைவால் வரும் வெர்னிக்கே மூளை நோய் என்ற சந்தேகம் வந்தால் 500 மி.கி., தினம் மூன்று முறை. சந்தேகத்துக்குக் கண் அசைவுக் கோளாறு, தள்ளாட்டம், குழப்பம் மூன்றும் சேர்ந்து வர வேண்டும் என்று காத்திருப்பது பெரிய தவறு. 1986-இல் வெளியான பிரேதப் பரிசோதனை ஆய்வில் இந்நோய் உறுதியானவர்களில் 16 சதவீதத்தினருக்கே மூன்றும் உயிரோடிருந்தபோது பதிவாகியிருந்தன. நடைமுறையில் நான்கு பார்க்கிறோம்: உணவுக் குறைபாடு, கண் அசைவுக் கோளாறு, தள்ளாட்டம், குழப்பமோ மறதியோ. நான்கில் இரண்டு இருந்தால் வெர்னிக்கே என்றே மருத்துவம்.

திங்கள் காலை ரவுண்டில் பக்கவாட்டில் பார்க்கச் சொன்னபோது கண்மணி துள்ளியது. காலில் கட்டு இருப்பதால் நடக்க வைத்துப் பார்க்க முடியாது. இடது குதிகாலை வலது காலில் உரசச் சொல்லவும் வழியில்லை. விரலால் மூக்கைத் தொடும் சோதனை சரியாக இருந்தது. டயசெபாம் 60 மி.கி. உள்ளே போனவருக்கு அந்த மருந்தே கண்மணியைத் துள்ள வைக்கும். எது காரணம் என்று அந்த நேரத்தில் பிரித்தறிய வழியில்லை, பிரிக்கவும் தேவையில்லை. இரண்டு வாரப் பட்டினி ஒன்று, கண் இன்னொன்று. தயமின் கூடுதலாகப் போனால் கெடுதல் மிக அரிது. போகாவிட்டால் நினைவு திரும்பாமலே போகலாம்.

ஆகவே 500 மி.கி., அதாவது இரண்டரை ஆம்பூல், 100 மி.லி. சலைனில் 30 நிமிடத்தில். காலை 8, மாலை 4, நள்ளிரவு 12. ஒவ்வாமை அரிதென்றாலும் அட்ரினலின் பக்கத்தில் இருக்க வேண்டும். ஒரு நாளைக்கு 1500 மி.கி. என்றால் ஏழரை ஆம்பூல். வார்டு இருப்பு 10 ஆம்பூல்தான் என்றால் இரண்டாம் நாள் அளவு சத்தமில்லாமல் மூன்றில் ஒரு பங்காகிவிடும். முதல் நாளே மூன்று நாளைக்கு எழுதி வாங்கிவிட வேண்டும்.

குளுக்கோசுக்கு முன் தயமின் என்ற விதி சரிதான். ஆனால் அதைப் பிடித்துக்கொண்டு சர்க்கரை 40-இல் கிடப்பவருக்குக் குளுக்கோசை நிறுத்தி வைப்பது அபத்தம். இரண்டையும் ஒன்றாகக் கொடுக்கலாம். நம் நோயாளிக்குச் சர்க்கரை 84. அவருக்குக் குளுக்கோஸ் பாட்டிலே தேவையில்லை, சலைன் போதும்.

மெக்னீசியம் 1.2 மி.கி., பொட்டாசியம் 2.9 என்று முடிவு வந்தது. தயமின் செல்லுக்குள் வேலை செய்ய மெக்னீசியம் வேண்டும். மெக்னீசியம் ஏறாமல் பொட்டாசியமும் நிற்காது. சிறுநீர் போவதையும் கிரியேட்டினின் சரியாக இருப்பதையும் பார்த்துவிட்டு, 50 சதவீத மெக்னீசியம் சல்ஃபேட் 4 மி.லி., அதாவது 2 கிராம், 100 மி.லி. சலைனில் 2 மணி நேரமாகக் கொடுக்கப்பட்டது. கூடவே பொட்டாசியமும் தொடங்கியது.

57-ஆம் மணி: "தூங்குகிறார்"

திங்கள் பகலில் மதிப்பெண் 5, 7, 6 என்று அடங்கியே இருந்தது. நள்ளிரவுக் கட்டத்தில் "தூங்குகிறார்" என்று இருந்தது. 4 மணிக் கட்டம் காலி.

செவ்வாய் காலை 6 மணிக்கு அவர் மாவுக்கட்டைப் பிய்த்துக்கொண்டிருந்தார். கூரையெல்லாம் பல்லி என்றார். மனைவியை மேஸ்திரி என்று நினைத்து, "லோடு இறக்கணும், விடுங்க" என்று இறங்கப் பார்த்தார். வெப்பம் 38.4, நாடி 132, அழுத்தம் 170/104. டெலிரியம் டிரெமென்ஸ்.

"தூங்குகிறார்" என்பது மதிப்பெண் இல்லை. உண்மையான தூக்கமென்றால் எழுப்ப வேண்டாம், சரி. ஆனால் மூச்சையும் நாடியையும் எண்ணி எழுத வேண்டும். நாடி 110-ஐத் தாண்டி, நெற்றி வியர்த்து, போர்வைக்குள் கை துழாவினால் அது தூக்கம் இல்லை. உயர் ஆபத்துள்ளவரை முதல் 72 மணி நேரம் 4 மணிக்கொரு முறை எழுப்பித்தான் பார்க்க வேண்டும்.

இந்தக் கட்டத்தில் சீவா பயன்படாது. கேள்விக்குப் பதில் சொல்ல முடியாதவரிடம் அதன் பாதி அம்சங்கள் ஊகமாகிவிடும். ராஸ் என்ற விழிப்பு-மயக்க அளவுகோலுக்கு மாற வேண்டும். இலக்கு 0 முதல் கழித்தல் 1: அமைதியாகக் கிடப்பார், பெயர் சொல்லி அழைத்தால் கண் திறந்து பார்ப்பார். நர்ஸ் மேசைக்கு எதிர்ப் படுக்கை, மானிட்டர், ஆக்சிஜன், சக்ஷன், அம்பு பை எல்லாம் தயாரான பிறகுதான் ஊசி. டயசெபாம் 10 மி.கி. ஐ.வி., நிமிடத்துக்கு 5 மி.கி.க்கு மிகாமல் மெதுவாக. 10 நிமிடம் கழித்து இன்னொரு 10. அதற்கும் அடங்காததால் 20. மொத்தம் 40 மி.கி.யில் அடங்கினார். ஐ.எம்.மாக டயசெபாம் போடக் கூடாது, எப்போது எவ்வளவு ஏறும் என்று சொல்ல முடியாது. நரம்பு கிடைக்காவிட்டால் லோராசெபாம் ஐ.எம். மூன்று நான்கு மணி நேரத்தில் 200 மி.கி. போயும் அடங்காதவர் வார்டுக்குரியவர் இல்லை. தீவிர சிகிச்சையில் ஃபீனோபார்பிடாலோ புரோபோஃபாலோ தேவைப்படும், மூச்சுக்குழாயும் தேவைப்படலாம்.

"ஹாலோபெரிடால் போட்டு அடக்கிடலாமா" என்ற கேள்வி எழுந்தது. தனியாக அது தவறு: வலிப்பு வாசலைத் தாழ்த்தும், அடிப்படை நோயைத் தொடாது. போதிய பென்சோடயசிபைன் போன பிறகும் மாயத்தோற்றம் வாட்டினால் சிறு அளவு சேர்க்கலாம், அதுவும் ஈ.சி.ஜி. பார்த்து. இவருக்குக் கியூ.டி.சி. 490 இருந்தது, பொட்டாசியமும் மெக்னீசியமும் தாழ்வு. கொடுக்கவில்லை. மயக்கம் கூடிப்போனால் பென்சோடயசிபைனை முறிக்கும் ஃபுளுமாசெனில் போட்டு எழுப்ப நினைப்பதும் கூடாது, வலிப்பு கட்டவிழும். மூச்சுக்குத் துணை கொடுத்துக் காத்திருப்பதே வழி.

காய்ச்சலுக்கு வேறு காரணம் தேடினார்கள். மார்பு எக்ஸ்ரே தெளிவு. அடிவயிறு தட்டினால் மந்தமாக ஒலித்தது: சிறுநீர் அடைத்து நின்றது. குழாய் போட்டதும் 700 மி.லி. வந்தது, திமிறலும் கணிசமாகக் குறைந்தது. குழப்பத்தில் திமிறுபவருக்கு அடுத்த ஆம்பூலை உடைக்குமுன் சிறுநீர்ப்பையைத் தொட்டுப் பார்க்க வேண்டும். கையைத் துணியால் கட்டி வைப்பது கடைசி வழி, அதுவும் மருந்து வேலை செய்யும்வரைதான். கட்டோடு திமிறினால் வெப்பம் ஏறும், தசை சிதைந்து சிறுநீரகத்தைத் தாக்கும்.

அதன் பின்

செவ்வாய் முழுதும் ஐ.வி. டயசெபாம் மொத்தம் 90 மி.கி. ஆனது. புதன் இரவு பல்லிகள் போய்விட்டன. வியாழன் காலை இடம், ஆள், கிழமை எல்லாம் சரியாகச் சொன்னார். கண்மணித் துள்ளல் அதற்குள் மங்கியிருந்தது. தயமின் 500 மி.கி. வேளைகள் ஐந்து நாள் முடிந்து, அடுத்த ஐந்து நாள் தினம் 250, பிறகு மாத்திரை 100 மி.கி. மூன்று வேளை. சாப்பாடு ஏற ஏறப் பாஸ்பேட் சரியும் என்பதால் மூன்று நாள் அதையும் சேர்த்துப் பார்த்தார்கள். மூன்று கணக்குகள் 24 மணி நேரம் தொடர்ந்து நின்ற பிறகுதான் மயக்க மருத்துவர் அறுவைக்கு ஒப்பினார்: குழப்பமில்லை, பென்சோடயசிபைன் தேவைப்படவில்லை, பொட்டாசியம் 3.5-க்கு மேல்.

டிஸ்சார்ஜ் சீட்டில் டயசெபாமும் இல்லை, குளோர்டயசிபாக்சைடும் இல்லை. டயசெபாம் தானாக இறங்கிக்கொண்டிருக்கும்போது பத்து நாள் மாத்திரை கொடுத்தனுப்பினால், அது இரண்டாம் நாள் குவார்ட்டரோடு சேர்ந்து உள்ளே போகும். அறுவைக்குப் பின் ஓபியாய்டு வலிநிவாரணி ஓடிக்கொண்டிருந்ததால், குடி ஆசையைக் குறைக்கும் நால்ட்ரெக்சோனும் அப்போது தொடங்கப்படவில்லை. இரண்டு வாரம் கழித்து மனநலப் பிரிவில் பார்க்கத் தேதி எழுதப்பட்டது. கேஸ் ஷீட் அட்டையிலும் நோயாளி கையேட்டின் முதல் பக்கத்திலும் சிவப்பு மையில்: "குடி நின்ற 30-ஆம் மணியில் வலிப்பு, 57-ஆம் மணியில் டெலிரியம். அடுத்த சேர்க்கையில் வந்தவுடன் டயசெபாம் 20 மி.கி., தயமின் ஐ.வி. டிராமடால் வேண்டாம்."